மூன்று சென்ட்

இந்தப் பதிவோடு இரண்டு படம் போட்டிருக்கிறேன். முதல் படத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல், நடுவில் கோரைப் புல், பின்னால் பக்கத்து மனைக்காரர் போட்ட முள்வேலி. ஓரமாகக் குனிந்து நிற்பவர் என் அம்மா. லால்குடிக்குப் பக்கத்தில் 3 சென்ட் மனை. சதுர அடியில் சொன்னால் 1,307. ஆவணி பிறக்கட்டும் என்று அம்மா சொன்னதால் காத்திருந்து, போன புதன்கிழமை என் மனைவி பெயரில் பத்திரம் பதிந்தோம்.

இதைப் பதிவாகப் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்று சென்ட் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒரு சின்ன வீடும் ஒரு முருங்கை மரமும் அடங்கும் இடம். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பலர் ஊரில் மாடி வீடே கட்டிவிட்டார்கள். இங்கே வீடு வாங்கியவர்களுக்கு ரெனோவேஷன் செலவே நான் மனைக்குக் கொடுத்ததைவிட அதிகம் ஆகியிருக்கும். அதனால் சாதனை என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் 48 வருடமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயம் நடந்துவிட்டது. தெரிந்தவர்களிடம் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதினார். நான் பிறந்தது பாலக்கரையில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில். அப்புறம் உறையூர், எடமலைப்பட்டி புதூர், மறுபடி பாலக்கரை. நான் பிளஸ் டூ முடிப்பதற்குள் ஏழு வீடு. எல்லா வீட்டுக்கும் எங்களோடு வந்தது அம்மாவின் அம்மிதான். கல்யாணத்துக்குத் தாத்தா கொடுத்தது. கோணிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, அப்பா தள்ளிக்கொண்டு போவார். நான் பின்னாலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். குழவி கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

உறையூர் வீட்டில் நாங்கள் மாடி போர்ஷன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மியில் அரைக்கக் கூடாது என்று கீழே இருந்த வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். சத்தம் தலைக்கு மேலே கேட்கிறதாம். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்பா மண்டியிலிருந்து வருவதே ஏழரைக்கு. அவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்குத் துவையல் இருக்க வேண்டும். அம்மா நாலரைக்கே அரைத்து, கிண்ணத்தில் போட்டு மூடி வைத்துவிடுவார். கடைசியில் ஒரு வீட்டுக்குப் படி ரொம்பக் குறுகல் என்று அம்மியைப் பெரியம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தோம். அப்புறம் மிக்சி வந்துவிட்டது, அது அங்கேயே கிடந்தது.

2003-இல் ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் வந்தேன். கப்பல் பட்டறையில் வெல்டர். டார்மிட்டரியில் இரண்டடுக்குக் கட்டிலில் மேல் கட்டில். அப்போது 1 சிங்கப்பூர் வெள்ளிக்கு 26 ரூபாய் சுற்றிக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வரிசையில் நின்று பணம் அனுப்புவோம். இப்போது 65-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அதே காலத்தில் மனை விலை ஏறியதை எந்த வெள்ளியும் எட்டிப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு மனையைப் பார்ப்பேன், அடுத்த முறை வரும்போது அது நம் கைக்கு எட்டாத விலைக்குப் போயிருக்கும்.

ஒர்க் பெர்மிட்டைவிட ஒரு படி மேலான எஸ் பாஸ் கிடைத்த பிறகு வெளியே ரூம் எடுத்தேன். உட்லண்ட்ஸில் கொஞ்ச நாள், பிறகு மார்சிலிங், இப்போது ஈசூன். மாதம் இரண்டு வாடகை. இங்கே என் ரூமுக்கு ஒன்று, திருச்சியில் அம்மா, மனைவி, மகள் இருக்கும் வீட்டுக்கு ஒன்று. 2022-இல் இங்கே வாடகை ஏறியது இங்கிருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 650 வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்த ரூமுக்கு 950 கேட்டார்கள். இரண்டு வாரத்தில் வேறு இடம் தேடிப் போனேன். ஒரு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், ஒரு ஃபேன். டாக்சியில் ஒரே நடையில் முடிந்துவிட்டது.

இப்போது நான் இருக்கும் வீட்டின் சீன அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் புத்தாண்டுக்கு எனக்கும் இரண்டு ஆரஞ்சு வைப்பார். மனைக்குப் பணம் புரட்டிய மாதம் வாடகையைப் பத்து நாள் தள்ளித் தருகிறேன் என்றேன். வீடு கட்டப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

வாடகை வீட்டில் எங்களுக்கு ஆறாத ஒன்று 2011-இல் நடந்தது. அப்பா அரசு ஆஸ்பத்திரியில் தவறினார். செய்தி வந்ததும் அடுத்த விமானத்தில் கிளம்பினேன். நான் இறங்கியபோது என்னை அழைக்க வந்த மச்சான் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. வீட்டுக்காரர் உடம்பை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மற்ற குடித்தனக்காரர்கள் பயப்படுவார்களாம். பெரியம்மா வீட்டு வாசலில்தான் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. அம்மா அன்றைக்கு முழுக்க என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். "வாசல்னு ஒண்ணு வேணும்டா" என்றார். வீடு என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த அவசரத்தில்தான் 2014-இல் ஒரு தப்பு செய்தேன். ஒருவர் பேச்சை நம்பி, பார்க்காத மனைக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். விசாரித்துப் பார்த்தால் அது நஞ்சை நிலம், அங்கீகாரமே கிடையாது. பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. 2016-இல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய உயர்நீதிமன்றம் தடை போட்டபோது, அப்படி வாங்கிவிட்டுத் தவித்த இரண்டு பேரை என் ரூமிலேயே பார்த்தேன். அதன் பிறகு அவசரப்படவில்லை.

இந்த முறை எல்லாக் காகிதத்தையும் நானே படித்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, கட்டிலில் படுத்தபடி போனில் tnreginet.gov.in திறந்து, 30 வருட வில்லங்கம் பார்த்தேன். 1998-இல் ஒரு அடமானம், 2004-இல் அதற்கு ரத்து. அதுவரை மூச்சு விடவில்லை. மூலப் பத்திரம், பட்டா, புல வரைபடம், லேஅவுட் அங்கீகாரம் என ஒவ்வொன்றையும் மனைவி நேரில் போய் வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். சர்வேயரைக் கூட்டிப்போய்ச் சங்கிலி பிடித்து அளந்ததும் அவள்தான். வடக்குப் பக்கம் ஓர் அடி குறைவதைக் கண்டுபிடித்து, விற்றவரிடம் பேசிக் கல்லை நகர்த்தி வைத்ததும் அவளே. அதனால் அவள் பெயரில் பதிவதுதான் சரி என்று நினைத்தேன். பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் என்றால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். சதுர அடி 650 ரூபாய், மொத்தம் எட்டரை லட்சம், பத்திரச் செலவு 68,000 சுற்றி. பாதி என் சேமிப்பு, கொஞ்சம் சீட்டு எடுத்தது, அவள் வளையல் இரண்டு. வளையலை அடுத்த வருடத்துக்குள் மீட்க வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவளைக் கேமரா முன் உட்காரவைத்து, விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வெங்காயம் நறுக்கி நறுக்கி ரேகை தேய்ந்திருந்தது போல, இரண்டு முறை மெஷின் எடுக்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை அழுத்தினாள். பத்திரத்தில் "சொத்து விவரம்" என்ற இடத்தில் வடக்கே யார், தெற்கே யார், கிழக்கே 20 அடி பொதுப்பாதை என்று எழுதியிருப்பதை மகள் இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

இன்னும் வீடு கட்டவில்லை. அதற்கு நான்கைந்து வருடம் ஆகலாம். அதுவரை இரண்டு வாடகையும் தொடரும், ஒன்றாம் தேதி வந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் ஈசூனுக்குத் திரும்பிவிட்டேன்.

வாழ்த்து சொன்ன எல்லோருக்கும் நன்றி. சீட்டை எனக்காக விட்டுக்கொடுத்த ரூம் தம்பிக்குத் தனியாக நன்றி. அவனுக்கும் இடம் தேவைதான், அவன் மனை பார்க்கும்போது நான் இருக்கிறேன். காகிதம் பார்ப்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

இனி இரண்டாவது படம். பதிவு முடிந்த மறுநாள் சாயங்காலம் எடுத்தது. பெரியம்மா வீட்டிலிருந்து அம்மியைக் குட்டி யானையில் ஏற்றி வந்தோம். முப்பது வருடச் சாணிப் பொருக்கு. மகள் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், கீழே கொத்து விழுந்த தடம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வடகிழக்கு மூலையில் இரண்டு செங்கல் மேல் வைத்தோம். மனைவி புளிச்சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையே என்று அம்மா பையிலிருந்து தேங்காய்ச் சில்லு, வரமிளகாய், கொஞ்சம் வறுத்த பருப்பு எல்லாம் எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தார். கல் புதிதாகக் கழுவியதால் முதலில் கரகரவென்று பெரிய சத்தம். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

துவையலை வழித்தெடுத்தபோது மணி ஆறரை தாண்டியிருந்தது.