சிங்கப்பூரில் ஓட்டுநருடன் கார் வாடகை: சாங்கி, தேக்கா, மண்டாய், லீகோலாண்ட், மலாக்கா | 4, 6, 9 பேர் வண்டிகள் | 4 மணி நேரம் முதல் 2 நாள் வரை

சாங்கியில் இறங்கியதும் உங்கள் பெயர்ப் பலகையோடு ஓட்டுநர் நிற்பார். விமானம் தாமதமானாலும் காத்திருப்பார். முதல் ஒரு மணி நேரத்துக்குக் காசு இல்லை. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கத்து ஓட்டல்களுக்கு 4 பேர் காரில் 50 சிங்கப்பூர் வெள்ளி, 6 பேர் வண்டியில் 65. நள்ளிரவு முதல் காலை 6 வரை 10 வெள்ளி கூடும். எல்லா ஓட்டுநரும் தமிழ் பேச மாட்டார்கள். அம்மா அப்பாவோடு வருகிறீர்கள், தமிழ் பேசுபவர்தான் வேண்டும் என்றால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

எந்த வண்டி?

ஆட்களை மட்டும் எண்ணாதீர்கள், பெட்டியையும் எண்ணுங்கள். 6 பேர் வண்டியில் ஆறு பேரும் உட்கார்ந்தால் பின்னால் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் போகாது. முஸ்தஃபா கடையில் வாங்கியதையும் சேர்த்து ஊருக்குக் கிளம்பும் நாளில் 9 பேர் வேன்தான் சரி. 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். வயதைச் சொன்னால் பொருத்திக் கொண்டு வருவோம்.

எத்தனை மணி நேரம்?

6 பேர் வண்டிக்கு மணிக்கு 60 வெள்ளி, குறைந்தது 4 மணி நேரம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில், மெர்லயன், கார்டன்ஸ் பை த பே என்றால் அதுவே போதும். பிற்பகல் தொடங்கி, இரவு 7.15க்குத் திறக்கும் மண்டாய் நைட் சஃபாரியையும் பார்ப்பதென்றால் 8 மணி நேரம் எடுங்கள். செந்தோசாவில் நாள் முழுக்க இருப்பவர்கள் மணிக்கணக்கில் எடுக்கவே வேண்டாம். கார் சும்மா நிற்பதற்கு ஏன் காசு? கொண்டு விட, கூட்டி வர என இரண்டு சவாரி போதும், அது மலிவு. இஆர்பி எனும் சாலைக் கட்டணமும் கார் நிறுத்தக் கட்டணமும் இந்த விலைக்குள் அடக்கம்.

மலேசியாவுக்கு

எல்லை தாண்ட அனுமதியுள்ள வண்டியை மட்டுமே அனுப்புவோம். லீகோலாண்டுக்கு துவாஸ் இரண்டாம் பாலம் வசதி. ஜொகூர் பாரு கண்ணாடிக் கோவிலுக்கு உட்லண்ட்ஸ் கடற்பாலம்தான் கிட்டம். மலாக்கா ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் வெள்ளிக்கிழமை மாலையிலும் பள்ளி விடுமுறையிலும் சோதனைச் சாவடியிலேயே பாதி நாள் கரைந்துவிடும். முடிந்தால் வார நாளில் விடியற்காலை கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஓர் இரவு தங்கும் 2 நாள் பயணமாக எடுங்கள். ஓட்டுநர் தங்கும் செலவு அதில் சேர்ந்தே வரும்.

விசாவோடு வருபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் ஜொகூர் போய்விட்டுத் திரும்பி வர முடியாது. பலமுறை நுழைவு விசா இருந்தாலும், திரும்பும்போது எஸ்ஜி வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும்.

தேதி, ஏறும் இடம், ஆட்கள், பெட்டிகள், போக வேண்டிய இடங்கள் இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மொத்த விலையைச் சொல்லிவிடுவோம். 24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் முன்பணம் முழுதாகத் திரும்பும்.