மேட்டுப்பாளையம் உயரத்துல ஒரு மலை

எல்லாரும் டீ டம்ளரைக் கையில வச்சுக்கங்க, இப்பவே குடிச்சிராதீங்க. மைக் வேண்டாம்ப்பா, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும் என் குரல்.

நிவேதா நாளன்னைக்கு நெதர்லாந்து கிளம்புறா. வாகனிங்கன் யுனிவர்சிட்டி. அந்தப் பேரை வாயில வரவைக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு வருசம் மண்ணைப் பத்திப் படிக்கப் போறா. "மண்ணைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம தோட்டத்துலயே கொட்டிக் கிடக்கே"ன்னு பெரியப்பா கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் எந்திரிச்சேன்.

2009 நவம்பர் மழை இங்க யாருக்கும் மறந்திருக்காது. ரோடு, ரயில் பாதை எல்லாம் போச்சு. நம்ம ஒன்றரை ஏக்கர்ல கீழ்ப்பக்கம் நாலு வரிசைத் தேயிலைச் செடி வேரோட சரிஞ்சு ஓடைக்குள்ள கிடந்துச்சு. நான் தலையில கை வச்சு உக்காந்திருக்கேன். எட்டு வயசுப் புள்ள, அவங்க அம்மாவோட ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிட்டு வந்து அந்தச் சேத்தை அள்ளுறா. "அப்பா, நேத்து வரைக்கும் சும்மா இருந்த மண்ணு இன்னைக்கு ஏன் நடந்துச்சு?"

மழைன்னு சொன்னேன். "மேல் வரிசைக்கும்தானே மழை பேஞ்சது?"ன்னா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. வெந்நீர் வைக்கச் சொல்லி அவளை உள்ள அனுப்பிட்டேன்.

அந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டே கோயமுத்தூர்ல அக்ரி படிச்சா. லோனுக்கு அலைஞ்ச கதை வேண்டாம், இன்னைக்கு நல்ல நாள்.

ஒரு தமாசு சொல்றேன். அந்த நாட்டுல ஐரோப்பாவுக்குள்ள இருக்கிற பக்கத்துல ரொம்ப உசரமான மலை 322 மீட்டராம். நம்ம மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷனே கிட்டத்தட்ட அந்த உசரம்! நாம மேட்டுப்பாளையத்தை "கீழ"ன்னு சொல்றோம், அவங்க அதை மலைங்கிறாங்க. தொட்டபெட்டா 2637. பாதி ஊரு கடல் மட்டத்தை ஒட்டி, அதுக்குங் கீழயும் இருக்காம். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்த புள்ளைக்கு ஏத்த ஊருதான்.

பாப்பா, அம்மா பெட்டியில வர்க்கி வச்சிருக்கா, எடை பார்க்கிறப்ப அதை மட்டும் வெளிய எடுத்துறாத. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கேட்ட. மண்ணை உள்ள விட மாட்டாங்கன்னு நீயே சொல்லிட்ட. பரண்ல அது இருக்கும், நான் தொடமாட்டேன். பதில் தெரிஞ்ச அன்னைக்கு, ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு. பெரியப்பாவை எழுப்பி நானே சொல்றேன்.

நம்ம தோட்டத்துக் கொழுந்துதான் இந்த டீ. தூக்குங்க டம்ளரை. நிவேதாவுக்கு!