கெர்கின் ஒப்பந்தம்: மாமாவுக்கு ஒரு சுருக்கம்

மாமா, கெர்கினை, அதாவது ஊறுகாய்க்குப் போகும் பிஞ்சு வெள்ளரியை, கம்பெனிக்குப் பயிரிட்டுக் கொடுக்கும் ஒப்பந்தம் என்று நீங்கள் அனுப்பிய 14 பக்கத்தையும் படித்துவிட்டேன். ஒரு ஏக்கர், ஒரு பருவம், நடவிலிருந்து 90 நாள். நிலத்தின் மேல் கம்பெனிக்கு எந்த உரிமையும் இல்லை என்று 2-ஆம் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். விலை, கழிவு, முன்பணம் மூன்றையும்தான் கவனிக்க வேண்டும்.

விலை (பிரிவு 5): பருவம் முழுக்க ஒரே விலை, சந்தையோடு ஏறி இறங்காது. ஒரு கிலோவில் எத்தனை காய் நிற்கிறது என்பதுதான் தரம். 160-க்கு மேல் நின்றால் முதல் தரம், கிலோ 44 ரூபாய். 100 முதல் 160 வரை 30 ரூபாய். 60 முதல் 100 வரை 16. 30 முதல் 60 வரை 7. அதற்கும் பெரிய காய்க்குக் காசே கிடையாது. கம்பெனியின் ஃபீல்டுமேன் வாயைத் திறந்தால் 44 ரூபாயைத்தான் சொல்வார், ஆனால் மொத்தக் காயும் அந்த விலைக்குப் போகாது. கெர்கின் ஒரே ராத்திரியில் பெருத்துவிடும், ஒரு நாள் ஆள் வராவிட்டால் 44 ரூபாய்க் காய் 16 ரூபாய்க்கு இறங்கிவிடும். எடை, கம்பெனி காய் வாங்கும் செட்டில் போடுவது. காய் வாடி எடை குறையும் சுருக்கத்துக்கு என்று 3 சதவீதம் கழிப்பார்கள். பணம் 15 நாள் கழித்து வங்கிக் கணக்கில் வரும்.

கழிவு (பிரிவு 9): இதை இரண்டு தடவை படித்தேன். வளைந்தது, மஞ்சள் விழுந்தது, ஈ குத்தியது, அழுகியது எல்லாம் செட்டிலேயே உங்கள் கண் முன்னால் கழிக்கப்படும். அது சரி, நியாயம். சிக்கல் 9(இ)-யில் இருக்கிறது. செட்டில் வாங்கிய காயைத் தொழிற்சாலையில் 72 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்துக் கழித்தால், அந்தத் தொகையை அடுத்த பில்லில் பிடிப்பார்கள். அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். போட்டோ தருவார்களா, எந்தச் சாக்கு என்று சொல்வார்களா, ஒன்றும் எழுதவில்லை. கழித்த காயைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். தக்காளி என்றால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தள்ளிவிடலாம். கெர்கினை அங்கே யார் வாங்குவார்? நல்ல காயையும் வெளியே விற்கக் கூடாது என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது.

மருந்து எச்சம் தனிக் கதை. ஏற்றுமதிச் சரக்கு என்பதால் சோதனை கடுமையாக இருக்கும். எச்சம் மிஞ்சினால் அன்றைய லோடு முழுவதும் கழிவு, பருவத்தின் மீதிக் காயையும் மறுக்கலாம். கம்பெனி கொடுத்த மருந்தை மட்டும் அடியுங்கள், அடித்த தேதியை நோட்டில் எழுதி ஃபீல்டுமேனிடம் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்றே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

முன்பணம் (பிரிவு 6): கையில் ரொக்கம் வராது. விதை, உரம், மருந்து, குச்சி, கயிறு என்று 38,000 ரூபாய்க்குப் பொருளாகத் தருவார்கள். விலை "கம்பெனி பட்டியல்படி" என்றிருக்கிறது, பட்டியலை இணைக்கவில்லை. ஒவ்வொரு பில்லிலும் பாதியைப் பிடிப்பார்கள். அதாவது 76,000 ரூபாய்க்குச் சரக்குப் போகும்வரை பாதிதான் கைக்கு வரும், பறிப்புக் கூலியோ வாரா வாரம் கொடுத்தாக வேண்டும். அத்தையின் நகையை நம்பாமல் அந்தக் கூலிப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். பருவம் முடிந்தும் பாக்கி நின்றால் 18 சதவீத வட்டி. மழையிலோ நோயிலோ பயிர் போனாலும் கடன் நிற்கும். விதை 80 சதவீதத்துக்குக் கீழே முளைத்து, அதை 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விதைக் காசு தள்ளுபடி.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 4 டன் விளைந்து, முதல் தரம் 1,000 கிலோ, இரண்டாவது 1,400, மூன்றாவது 1,100, நான்காவது 500 என்று வைத்துக்கொண்டால் 1,07,100 ரூபாய். சுருக்கம் போக 1,03,887. முன்பணம் போக 65,887. தொழிற்சாலையில் பத்தில் ஒரு பங்கு கழிந்தால் சுமார் 55,500. கூலியும் தண்ணீர்ச் செலவும் இதற்குள்தான்.

கையெழுத்துக்கு முன் நான்கு கேளுங்கள். பொருள் விலைப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவுக்குப் போட்டோவும் சாக்கு எண்ணும் 72 மணி நேரத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் பிடித்தம் கூடாது. பிடித்தம் பாதிக்குப் பதில் மூன்றில் ஒன்றாக வேண்டும். அப்புறம், ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தமிழ்நாட்டில் 2019-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அதன்படி இதைப் பதிவு செய்வார்களா என்று கேளுங்கள். 14 பக்கத்தில் அந்தப் பேச்சே இல்லை.

கடைசிப் பக்கத்தில் புரோநோட்டும் தொகை எழுதாத செக்கும் கேட்டிருக்கிறார்கள். செக் கொடுக்க வேண்டாம். புரோநோட்டில் 38,000 என்று எழுத்தாலும் எண்ணாலும் போட்டபின் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்காமல் செட்டை விட்டு வராதீர்கள். வியாழக்கிழமை ஃபீல்டுமேன் வரும்போது எனக்கு போன் போடுங்கள், நானும் பேசுகிறேன்.