வாய்க்குள் ஒரு வரைபடம்: ஐ.பி.ஏ. அட்டவணை அறிமுகம்

(தரம் 10, தமிழ்மொழி மூல வகுப்பு, கொழும்பு. ஒரு பாடவேளை, 40 நிமிடம். அட்டவணையின் பெரிய பிரதியைச் சுருட்டியே வைத்திருக்கவும். உடனே விரிக்க வேண்டாம்.)

வணக்கம் பிள்ளைகள். கொப்பிகளை மூடி வையுங்கள். இன்றைக்கு வாய்தான் கொப்பி.

எல்லோரும் மெதுவாக, சத்தமாக, என்னோடு சொல்லுங்கள்: க... ச... ட... த... ப. (மூன்று தரம்.) இன்னொரு தரம் சொல்லும்போது, நாக்கு எங்கே முட்டுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

'க'வில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய் மேலே ஒட்டுகிறது. 'ச'வில் நடுநாக்கு. 'பச்சை' என்று சொல்லிப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். 'சோறு' என்று சொன்னால் நம்மில் பலருக்கு அது வெறும் ஸ் ஆகிவிடும். 'ட'வில் நுனி மேலே மடிகிறது. 'த'வில் பல்லைத் தொடுகிறது. 'ப'வுக்கு நாக்கே தேவையில்லை, இரண்டு உதடும் போதும். தொண்டைப் பக்கத்திலிருந்து வாசலுக்கு நடந்து வந்துவிட்டோம். ஆறு வயதில் பாடமாக்கிய வரிசை சும்மா அடுக்கப்பட்டதில்லை. எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று சொல்ல தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று தனி இயலே இருக்கிறது.

(இப்போது அட்டவணையை விரிக்கவும்.)

இதுதான் சர்வதேச ஒலியியல் நெடுங்கணக்கு. சுருக்கமாக ஐ.பி.ஏ. 1886இல் பாரிஸில் போல் பஸி என்பவரோடு சேர்ந்து மொழி ஆசிரியர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தை உச்சரிக்க முடியாமல் பிள்ளைகள் திண்டாடியது அவர்களுக்கும் தலையிடிதான். ஓர் ஒலிக்கு ஒரு குறி, எந்த மொழியானாலும் அதே குறி: இதுதான் அவர்கள் எடுத்த முடிவு. அதற்குப் பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள்.

பயப்பட வேண்டாம், இதைப் பாடமாக்கச் சொல்ல மாட்டேன். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு இரசாயன பாட ஆவர்த்தன அட்டவணைதான் ஞாபகம் வந்தது, உடனே மூடிவிட்டேன். இது வாயை நெடுக்காக வெட்டி, கட்டம் போட்டு வைத்த படம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரிய பெட்டியைப் பாருங்கள். இடது ஓரம் உதடு, வலது ஓரம் குரல்வளை. மொத்தம் 11 நிரல்கள். நம்முடைய க ச ட த ப இதில் வலமிருந்து இடமாக நிற்கிறது: [k], [c], [ʈ], [t̪], [p]. 'த'வுக்குக் கீழே குட்டிப் பல் மாதிரி ஒரு அடையாளம் இருக்கிறதே, அது பல்லைத் தொடு என்று சொல்கிறது.

நிரல் 'எங்கே' என்று சொன்னால், நிரை 'எப்படி' என்று சொல்லும். மேல் நிரையில் காற்றை முழுதாக அடைத்துத் திறக்கிற வெடிப்பொலிகள். அதற்குக் கீழே மூக்கொலிகள். [p]க்குக் கீழே [m], [k]க்குக் கீழே [ŋ]. எங்கேயோ பார்த்த சோடி இல்லையா? ங–க, ஞ–ச, ண–ட, ந–த, ம–ப. இலக்கணத்தில் இன எழுத்து என்று படித்தீர்கள். ஒரே நிரலில் மேலும் கீழும் இருப்பவர்கள்தான் ஓர் இனம்.

ஒரு சோடியை விட்டுவிட்டேன். ஆம், ன–ற. இது எப்படி இனமாகும்? [n] மூக்கொலி, 'ற'வோ வண்டிச்சில்லு மாதிரி உருளுகிறது. (யாராவது பதில் சொல்லும் வரை காத்திருக்கவும்.)

'வெற்றி' என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து அம்மம்மா சொல்வது போல. நாக்கு உருளவில்லை, மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் ஒட்டி வெடிக்கிறது: [tt]. ஆங்கிலத்தின் t கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பிறக்கிறது. அதனால்தான் நாங்கள் 'பற்றரி', 'கிரிக்கெற்' என்று எழுதுகிறோம், சென்னைப் பத்திரிகை 'பேட்டரி', 'கிரிக்கெட்' என்று எழுதுகிறது. இரண்டும் பிழையில்லை, நம் காது [t]ஐக் கேட்டு ற்ற என்று எழுதியது, அவர்களுடைய காது அதை [ʈ] பக்கம் தள்ளியது. 'ட'வுக்கும் 'த'வுக்கும் நடுவில் இருந்த இடைவெளி இதுதான். [n]க்கு நேர் மேலே [t] நிற்கிறது, பாருங்கள்.

சில கட்டங்களில் இரண்டு குறிகள் இருக்கின்றன. தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். பாம்பு மாதிரிச் சீறுங்கள்: [s]. இப்போது வண்டு மாதிரி ரீங்காரம்: [z]. அதிர்வு வந்ததா? இடது குறிக்கு அதிர்வு இல்லை, வலது குறிக்கு உண்டு. 'பம்பரம்' சொல்லுங்கள். முதல் ப [p], இரண்டாவது ப [b]. எழுதும்போது நமக்கு ஒன்று, அட்டவணைக்கு இரண்டு.

சாம்பல் பூசிய கட்டங்கள் மனித வாயால் முடியாதவை என்று கருதப்படுபவை. தொண்டைக்குழியையே அடைத்துவிட்டு மூக்கால் காற்று விட முடியுமா? முயன்று பாருங்கள், ஆனால் மூச்சுத் திணறாமல். வெறும் வெள்ளையாக இருப்பவை முடியக்கூடியவை, தனிக்குறி தரப்படவில்லை, அவ்வளவுதான்.

'ழ' எங்கே? வளைநா நிரல், தொட்டும் தொடாமலும் போகிற நிரை: [ɻ]. அதற்கு நேர் கீழ் [ɭ], நமது 'ள'. இங்கே நம்மில் முக்கால்வாசிப் பேர் 'பழம்' சொல்லும்போது இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இறங்குகிறோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டதை அப்படியே எழுதுவதுதான் இந்த அட்டவணையின் வேலை.

உயிர்களுக்குத் தனிப்படம், அந்தச் சரிந்த நாற்கரம். மேலே வாய் ஒடுக்கம், கீழே அகலம். இடப்பக்கம் முன்நாக்கு, வலப்பக்கம் பின்நாக்கு. சோடியாக நிற்பவற்றில் வலது குறிக்கு உதடு குவியும். 'உரல்' சொல்லுங்கள்: உதடு குவிகிறது, [u]. 'பாட்டு' சொல்லுங்கள். கடைசியில் குவிந்ததா? இல்லை, அது [ɯ]. குற்றியலுகரம் என்று பரீட்சைக்காகப் படித்தது பக்கத்திலிருப்பவரின் உதட்டிலேயே இருக்கிறது.

சிங்களத்திலும் ஒன்று காட்டுகிறேன். நான் புதிதாகச் சிங்களம் பேசத் தொடங்கிய காலத்தில், பஸ்ஸில் ஒருவரிடம் 'கந்த'வுக்குப் போக வேண்டும் என்று கேட்டு, அவர் சிரித்துவிட்டார். மலை [kan̪d̪ə]. நான் 'ந்' ஒலியை விழுங்கி [kaⁿd̪ə] என்று சொல்லிவிட்டேன். அது மரத்தின் தண்டு. அந்த மேலே ஏறி நிற்கும் குட்டி ⁿ ஒன்றுதான் மலைக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்.

இனி கொப்பியைத் திறக்கலாம். (கரும்பலகையில் எழுதவும்.)

[koɻumbɯ]
[koləᵐbə]
[kəˈlʌmbəʊ]

மூன்றும் இந்த ஊர்தான். முதலாவது நம் வாயில், இரண்டாவது சிங்களத்தில், மூன்றாவது ஆங்கிலச் செய்தியில். முதல் வரியில் [ɻ]க்குப் பதில் [ɭ] போட வேண்டியவர்கள் உண்மையாகப் போடுங்கள். நாளைக்கு வரும்போது உங்கள் பெயரை இப்படி எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர், இடாப்பில் உள்ள பெயர் இல்லை. பக்கத்து வாங்கில் இருப்பவர் அதை வாசிக்க வேண்டும், நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்களா என்று நான் பார்க்கிறேன்.