இடமிருந்தால் பாருங்கோ

ஜிமெயிலின் 15 ஜிபியும் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தபடியே இருந்தது. ஓய்வுபெற்றவருக்கு இதுவும் ஒரு வேலைதானே. சிவநேசன் தேடும் இடத்தில் larger:10M என்று அடித்து, பெரிய இணைப்புகள் உள்ள மெயில்களை அழித்துக்கொண்டு வந்தார். நடுவே 2013ஆம் ஆண்டுத் தொடர் ஒன்று. தலைப்பு: 'அம்மாவின் கல்வெட்டு'.

அம்மா வெள்ளவத்தை வீட்டில் காலமாகி, பொரளை கனத்தையில் தகனமும் முடிந்திருந்த நேரம். கனடாவில் அகதி வழக்கு முடியாததால் தம்பி ரவி வரவில்லை. 31ஆம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் புரூவை அவனுக்கும் அனுப்பியிருந்தார்.

ரவியின் பதில்:

"அண்ணா, பார்த்தனான். அம்மா பிறந்தது 1941, இதில 1942 எண்டு கிடக்கு. மற்றபடி பிழை இல்லை. மாமியார் எண்ட வரியில இடமிருந்தால் பாருங்கோ. இல்லையெண்டால் பரவாயில்லை."

அதற்குக் கீழே அவர் எழுதியது:

"1941 ஆக்கியாச்சு. அச்சுக்குப் போட்டுது. உன்ர பங்கு எவ்வளவு எண்டு நாளைக்குச் சொல்லுறன்."

மாமியார் வரியில் என்ன? சிவநேசன் பிடிஎப்பைத் திறந்தார். 'சிவநேசன், ரவீந்திரன் (கனடா) ஆகியோரின் பாசமிகு தாயாரும், கௌரியின் அன்பு மாமியாரும்...' அவ்வளவுதான். ஸ்டெலா இல்லை.

வேண்டுமென்று விட்டதல்ல. 2006இல் அப்பாவுக்கு அடித்த கல்வெட்டை எடுத்து, பெயர்களை மாற்றிக் கொடுத்திருந்தார். அப்போது ரவிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் வேதக்காரப் பிள்ளையைக் கட்டியதற்கு வீட்டில் ஆறு மாதம் பேச்சில்லாமல் இருந்ததை அறிந்த எவன் இதைத் தவறுதல் என்று நம்புவான்?

இடமிருந்தால் பாருங்கோவாம்! கடைசிப் பக்கத்தில் பாதி வெறுமையாய்க் கிடக்கிறதென்று அச்சகத்துக்காரர் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு நிரப்பியிருந்தார்.

அடுத்த மெயிலில் ரவி ஒரே வரி: "காசு போட்டிட்டன்."

அதற்குப் பிறகு வந்த படங்களைத் தேடிப் பார்த்தார். பிள்ளையின் பிறந்தநாள், பள்ளிக்கூடம், பனியில் சறுக்கு. ஒன்றிலும் ஸ்டெலா இல்லை. 'அவள் எங்களோட ஒட்டமாட்டாள்' என்று அவரே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

"கௌரி, அம்மான்ர கல்வெட்டில ஸ்டெலான்ர பேர் விட்டுப்போச்சு, தெரியுமோ?"

"அப்பவே கேட்டனான். அச்சுக்குப் போட்டுது எண்டு எனக்கும் அதையேதான் சொன்னீங்கள்."

அவர் பதில் எழுதும் பெட்டியைத் திறந்தார். 'தம்பி' என்று அடித்துவிட்டு நின்றார். கௌரி பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இதில எழுதாதேங்கோ. அங்க விடிஞ்ச உடன எடுத்துக் கதையுங்கோ. அவனோட இல்லை, முதல் அவளோட."