பெர்மென்டர் இயக்கப் பதிவேடு: ஈ. கோலை, 5 லிட்டர் ஓட்டம் (மாணவர்களுக்கான தமிழ் வடிவம், விளக்கங்களுடன்)

இடம்: கல்லூரி உயிரித்தொழில்நுட்ப ஆய்வகம், நாகமலை புதுக்கோட்டை, மதுரை
நாள்: 30.04.2024, செவ்வாய்
நுண்ணுயிரி: ஈ. கோலை கே-12 (நோய் உண்டாக்காத ஆய்வக வகை)
கலன்: 7 லிட்டர் கண்ணாடிக் கலன். ஊடகம் 5 லிட்டர்
இலக்குகள்: 37 டிகிரி செல்சியஸ், பிஎச் 7.0, கரைந்த ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் குறையாமல்

படிக்கும் முன்

மூலப் பதிவு ஆங்கிலத்தில், இயக்கியவர் கைப்பட எழுதியது. நேரமும் அளவும் அதில் உள்ளபடியே இங்கே இருக்கின்றன. "விளக்கம்" என்று தொடங்கும் பத்திகள் மட்டும் நான் சேர்த்தவை. திரையில் pO2, AGIT, AIRF, TEMP என்று தெரியும் பெயர்களை மாற்றவில்லை. கருவியின் முன் நிற்கும்போது நீங்கள் பார்க்கப்போவது அந்த எழுத்துகளைத்தான்.

AIRF என்பது காற்றூட்டம். எத்தனை லிட்டர் காற்று, எத்தனை லிட்டர் ஊடகத்துக்கு, ஒரு நிமிடத்தில் போகிறது என்பதே அதன் கணக்கு. 5 லிட்டர் ஊடகத்துக்கு நிமிடம் 5 லிட்டர் காற்று என்றால் 1 விவிஎம், 7.5 லிட்டர் என்றால் 1.5 விவிஎம். AGIT என்பது கலக்கல் வேகம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று. pO2 என்பது கரைந்த ஆக்சிஜன். இது மில்லிகிராமில் வராது, சதவீதத்தில் வரும். அதே வெப்பநிலையில், அதே அழுத்தத்தில், காற்றால் நிறைவுற்ற ஊடகத்தை 100 என்று வைத்துக்கொண்டு சொல்லும் சதவீதம் அது. ஒளியடர்த்தி என்பது ஊடகம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு. செல்கள் பெருகப் பெருக அது ஏறும்.

இந்தப் பதிவேட்டில் நீங்கள் பழக வேண்டியது ஒன்றுதான். pO2 எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. அது வரவும் செலவும் போக நிற்கும் இருப்பு. 30 என்று திரை காட்டினால் செல்கள் நிதானமாகச் சுவாசிக்கின்றன என்றும் இருக்கலாம், கலக்கி முழு மூச்சில் ஓடித் தாக்குப்பிடிக்கிறது என்றும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் AGIT, AIRF இரண்டையும் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

29.04.2024, மாலை

5.30: ஊடகம் நிரப்பப்பட்டது. காற்று உள்ளே வரும் ஸ்பார்ஜர் துளைகள் சரிபார்க்கப்பட்டன. ஆறு இதழ் ரஷ்டன் கலக்கிகள் இரண்டும் இறுக்கப்பட்டன. தடுப்புத் தகடுகள் நான்கும் இடத்தில் உள்ளன.

விளக்கம்: தடுப்புத் தகடு இல்லாவிட்டால் ஊடகம் முழுவதும் கலக்கியோடு சேர்ந்து சுழலும், நடுவில் சுழி விழும். சுற்று ஏறும், கலப்பு ஏறாது.

6.40: ஆட்டோகிளேவ், 121 டிகிரி, 20 நிமிடம். குளுக்கோஸ் கரைசல் தனிக் குப்பியில் (ஊடகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அமினோ சேர்மங்களோடு வினைபுரிந்து பழுப்பாகும்).

9.15: கலன் ஆறியது. pO2 புரோப் இணைக்கப்பட்டு இரவு முழுவதும் மின்னழுத்தத்தில் விடப்பட்டது.

விளக்கம்: நம்முடையது மின்வேதி வகை புரோப், லேலண்ட் கிளார்க் 1956-இல் வெளியிட்ட வடிவத்தின் வழிவந்தது. இணைத்த உடனே இது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. மின்முனை நிலைப்பட ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேண்டும். அதனால்தான் முந்தைய மாலையே வேலை தொடங்குகிறது.

30.04.2024

காலை 7.30: நைட்ரஜன் செலுத்தி pO2 சுழியம் அமைக்கப்பட்டது.

8.15: காற்று நிமிடம் 5 லிட்டர், 300 சுற்று, 37.0 டிகிரி. எண் நகராமல் நின்றதும் 100 என்று அமைக்கப்பட்டது.

விளக்கம்: 100 அமைப்பது ஓட்டத்தின் வெப்பநிலையில்தான் நடக்க வேண்டும். தூய நீர் காற்றால் நிறைவுறும்போது 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 37 டிகிரியில் 6.7 மட்டுமே. ஏசி அறையின் குளிரில் 100 அமைத்துவிட்டுப் பிறகு சூடாக்கினால் அன்று முழுவதும் பதிவு பொய்யாகும்.

8.40: குளுக்கோஸ் சேர்க்கப்பட்டது, லிட்டருக்கு 10 கிராம். அம்மோனியா வழி பிஎச் கட்டுப்பாடு தொடங்கியது.

9.00: விதைக் கல்ச்சர் 250 மி.லி. செலுத்தப்பட்டது. ஒளியடர்த்தி 0.20. pO2 96.

10.00: ஒளியடர்த்தி 0.24. pO2 95. மாற்றம் எதுவும் செய்யவில்லை.

11.00: ஒளியடர்த்தி 0.65. pO2 66. சுற்று 300, காற்று 5 லிட்டர்.

விளக்கம்: பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் காற்றும் சுற்றும் மாறவில்லை, pO2 மட்டும் 29 குறைந்தது. வரவு அதேதான், செலவு கூடியது. வளர்ச்சி பிடித்துவிட்டது என்பதற்கு ஒளியடர்த்திமானியை விட pO2 பெரும்பாலும் முந்திச் சாட்சி சொல்லும்.

11.40: ஒளியடர்த்தி 1.3. pO2 31. கேஸ்கேட் இயக்கப்பட்டது: முதலில் சுற்று 300 முதல் 1000 வரை, அது போதாவிட்டால் காற்று 5 முதல் 7.5 லிட்டர் வரை.

விளக்கம்: கேஸ்கேட் என்பது pO2 இலக்குக்குக் கீழே இறங்காமல் கருவியே சுற்றையும் காற்றையும் வரிசையாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. ஏன் முதலில் சுற்று, பிறகுதான் காற்று? சுற்று கூடினால் குமிழிகள் சிதறிச் சிறிதாகும். ஒரே அளவு காற்றுக்குப் பரப்பு பல மடங்கு கிடைக்கும். குறைந்த சுற்றில் காற்றை மட்டும் கூட்டினால் கலக்கியின் இதழ்களைச் சுற்றிக் காற்று தேங்கிவிடும். இதழ் திரவத்தைத் தள்ளாமல் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ஆனால் சுற்றும் இலவசமல்ல. கொந்தளிப்பான ஓட்டத்தில் சுற்றை இருமடங்காக்கினால் திறன் தேவை எட்டு மடங்கு ஆகும்.

பகல் 12.20: ஒளியடர்த்தி 2.6. கேஸ்கேட் நிறுத்தப்பட்டு 700 சுற்றில் கைமுறை இயக்கம். pO2 60-இல் நின்றது. காற்று அடைக்கப்பட்டு, சுற்று 300-க்கு இறக்கப்பட்டது. 20 விநாடியில் pO2 60-இலிருந்து 30-க்கு இறங்கியது. காற்றும் சுற்றும் உடனே திருப்பப்பட்டன.

விளக்கம்: இந்த வரியைத்தான் தேர்விலும் நேர்முகத்திலும் கேட்பார்கள். காற்றை அடைத்தால் வரவு நிற்கும், செலவு மட்டும் நடக்கும். சுற்றை இறக்கியது திரவத்தின் மேற்பரப்பு வழியாக ஆக்சிஜன் புகுவதைக் குறைக்க. ஆகவே இறங்கும் வேகம்தான் செல்கள் ஆக்சிஜனைச் செலவிடும் வேகம். கீழே OUR என்பது அந்தச் செலவு வேகம், C* நிறைவு அளவு, C இருப்பு, kLa என்பது காற்றிலிருந்து ஊடகத்துக்கு ஆக்சிஜன் எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதன் குணகம். நிறைவு அளவை 6.7 என்று கொண்டால்:

```
OUR = 0.30 × 6.7 mg/L ÷ 20 s ≈ 0.1 mg/L/s ≈ 360 mg/L/h
kLa = OUR ÷ (C* − C) = 360 ÷ (0.40 × 6.7) ≈ 134 /h
```

700 சுற்றில் pO2 60-இல் அசையாமல் நின்றபோது வரவும் செலவும் சமம். அதனால்தான் செலவை, நிறைவுக்கும் இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கிறோம். ஊடகத்தில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால் உண்மையான நிறைவு அளவு 6.7-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். புரோப் சவ்வும் சில விநாடி தாமதிக்கும். எனவே 134 என்பதை நல்ல மதிப்பீடு என்று எழுதுங்கள், துல்லியம் என்று எழுதாதீர்கள். pO2-ஐச் சுழியம் வரை இறங்க விடவும் வேண்டாம். செல்கள் அசிட்டேட் பக்கம் திரும்பும்.

12.30: கேஸ்கேட் மீண்டும் இயக்கத்தில்.

1.00: ஒளியடர்த்தி 5.0. pO2 30. சுற்று 750.

1.10: நுரை உணரியைத் தொட்டது. நுரையடக்கி 1 மி.லி. நுரை அடங்கியது. pO2 21-க்குச் சரிந்தது, சுற்று 860-க்கு ஏறியது.

விளக்கம்: நுரையை உடைக்கும் அதே பொருள் திரவத்துக்குள் இருக்கும் சிறு குமிழிகளையும் ஒன்றோடொன்று சேரவைக்கும். பரப்பு குறையும், kLa விழும். இந்தச் சரிவைப் பார்த்து "செல்கள் திடீரென்று அதிகம் சுவாசிக்கின்றன" என்று எழுதினால் தவறு. நுரையடக்கியைத் துளித்துளியாகத்தான் விட வேண்டும்.

1.30: TEMP 37.9. குளிர்நீர் வால்வு முழுவதும் திறந்துள்ளது. உள்ளே வரும் நீரை வெப்பமானியில் பார்த்ததில் 38 டிகிரி.

1.40: ஒளியடர்த்தி 8.6. சுற்று 1000, உச்சம். காற்று இலக்கு 7.5 லிட்டர், ரோட்டாமீட்டரில் 6.1 மட்டுமே. pO2 24. வெளியேறும் காற்றின் வடிகட்டி நனைந்துள்ளது.

விளக்கம்: 1.30, 1.40 ஆகிய இரண்டு வரிகளும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். சித்திரை வெயிலில் மதுரையில் மொட்டைமாடித் தொட்டி நீர் பகல் ஒரு மணிக்குக் கலனை விடச் சூடாகிவிடும். அந்த நீரால் 37 டிகிரியைப் பிடிக்க முடியாது. அதே நீர்தான் கண்டென்சருக்கும் போகிறது. கண்டென்சர் குளிராவிட்டால் வெளியேறும் காற்றில் உள்ள ஈரம் அங்கே படியாமல் மேலே போய் வடிகட்டியை நனைக்கும். நனைந்த வடிகட்டி எதிரழுத்தம் தரும், காற்று குறையும், pO2 சரியும். திரையில் pO2 மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் புரோப்பில் கோளாறு என்றுதான் நினைத்திருப்பார். அன்று இயக்கியவர் குளிர்நீர்க் குழாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். இந்தப் பதிவேட்டிலேயே நான் மிகவும் மதிக்கும் செயல் அது.

1.45: குளிர்நீர் இணைப்பு மாடித் தொட்டியிலிருந்து மாற்றப்பட்டது. பெரிய வாளியில் ஐஸ் கட்டியும் ஆர்ஓ நீரும், சிறு நீர்மூழ்கிப் பம்பு. உள்ளே வரும் நீர் 24 டிகிரி.

1.55: TEMP 37.0.

2.05: மாற்று வடிகட்டிக் கிளைக்குக் காற்று திருப்பப்பட்டது. காற்று 7.5 லிட்டர். ஒளியடர்த்தி 11. pO2 26.

விளக்கம்: ஆழ்துளைக் கிணற்று நீரை வாளியில் ஊற்றவில்லை, ஆர்ஓ நீரை ஊற்றினார்கள். கடின நீர் ஓடினால் குழாயிலும் வால்விலும் உப்புப் படியும். சில மாதங்களில் வால்வு சிக்கிக்கொள்ளும்.

2.25: ஒளியடர்த்தி 14. pO2 12. சுற்றும் காற்றும் உச்சத்தில். இனிக் கூட்ட வழியில்லை.

2.40: pO2 மூன்று நிமிடத்தில் 12-இலிருந்து 68-க்கு ஏறியது. அம்மோனியா செல்வது நின்றது. குளுக்கோஸ் பட்டைச் சோதனை: இல்லை. ஒளியடர்த்தி 15.

விளக்கம்: கலக்கி வேகத்தைக் கூட்டவில்லை, காற்றும் அதேதான். ஆனாலும் இருப்பு எகிறியது என்றால் செலவு சட்டென்று குறைந்துவிட்டது என்று பொருள். குளுக்கோஸ் தீர்ந்தது. அமிலம் உருவாவது நின்றதால் அம்மோனியாவும் நின்றது. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. ஊட்டம் செலுத்தும் ஓட்டங்களில் இந்த எகிறலைத்தான் குளுக்கோஸ் பம்பைத் தொடங்கும் அடையாளமாக வைப்பார்கள். pO2 ஏறியதுமே புரோப்பைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. முதலில் பிஎச் வரைபடத்தைப் பாருங்கள்.

2.50: கேஸ்கேட் சுற்றைத் தானாகவே 300-க்கு இறக்கியது. pO2 41, பிஎச் 7.1, ஏறுமுகம்.

3.00: ஓட்டம் நிறுத்தப்பட்டது. கல்ச்சர் 10 டிகிரிக்குக் குளிர்விக்க ஐஸ் வாளியில். 4.5 லிட்டர் அறுவடை. மீதியில் ஒரு பகுதி மாதிரிகளிலும் ஆவியாதலிலும் போனது, கொஞ்சம் கலனில் மிஞ்சியது.

3.40: மிச்சக் கல்ச்சர், குழாய்கள், நனைந்த வடிகட்டி ஆட்டோகிளேவில், 121 டிகிரி, 30 நிமிடம்.

4.30: புரோப் கழுவப்பட்டது, சவ்வில் கீறல் இல்லை, சேமிப்புக் கரைசலில் வைக்கப்பட்டது.

அடுத்த ஓட்டம் இயக்குபவருக்கு: மே மாதம் முழுவதும் மாடித் தொட்டி இணைப்பைப் பயன்படுத்த வேண்டாம். ஐஸ் வாளி காலை 11 மணிக்கே தயாராக இருக்கட்டும். குளிர்நீர் வெப்பநிலைக்குப் பதிவேட்டில் இனி தனிக் கட்டம் உண்டு. ஒவ்வொரு மாதிரி எடுக்கும்போதும் அதை நிரப்பவும்.