பென்சோடயசெபைனைப் படிப்படியாகக் குறைத்தல்: முதல்நிலை மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல்

ஒரு மாதத்துக்கு மேல் தினமும் பென்சோடயசெபைன் எடுத்து வருபவரிடம் "இன்றோடு நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க மறுப்பதும் அதே விளைவைத்தான் தரும். நீண்ட நாள் பயன்பாட்டில் மூளையின் காபா ஏற்பிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்து சட்டென்று விலகினால் தூக்கமின்மை, நடுக்கம், வியர்வையில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிரிழப்பும் நேரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் பெட்டி எச்சரிக்கையிலும் உடல் சார்பையும் விலகல் அபாயத்தையும் சேர்த்தது. மருத்துவர் சொன்ன அளவை மீறாதவருக்கும் உடல் சார்பு வரும். ஆகவே நோயாளியிடம் பேசும்போது "அடிமை" என்ற சொல் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டவர் அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போய்விடுவார், மாத்திரையும் தொடரும்.

யாரை நீங்கள் தனியாகக் கையாளக் கூடாது

முன்பு விலகல் வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், பரிந்துரைக்கும் உச்ச அளவை மீறி எடுப்பவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத மனநோய் உள்ளவர்கள் ஆகியோரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். சிலருக்கு உள்நோயாளியாகச் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிக்கும் திடீர் நிறுத்தம் கிடையாது. மகப்பேறு, மனநல மருத்துவர்களோடு சேர்ந்து முடிவெடுங்கள். குளோனசெபாமோ குளோபசாமோ வலிப்புக்காகத் தரப்பட்டிருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பழைய சீட்டில் "தூக்கத்துக்கு" என்று யாரோ எழுதியிருந்தாலும், முதலில் எதற்காகத் தொடங்கியது என்பதை நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓபியாய்டு வலி மருந்தும் சேர்த்து எடுப்பவருக்கு மூச்சு அடங்கும் ஆபத்து இருக்கிறது என்பதால் குறைப்பு அவசரம்போலத் தோன்றும். அப்போதும் ஒரே நேரத்தில் இரண்டையும் குறைக்காதீர்கள். எதை முதலில் குறைப்பது என்பதைச் சிறப்பு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தொடங்கும் முன்

உண்மையான தினசரி அளவைக் கண்டுபிடியுங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, வாயில் போவது வேறு. "கல்யாணம், பயணம்னா கூட ஒண்ணு போட்டுக்குவேன்" என்பது சாதாரணமாகக் கேட்கக்கூடியது. வேறு மருத்துவர் எழுதிய மாத்திரையும் இருக்கலாம். பழைய அட்டைகளை எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று எடுப்பவரை முதலில் சராசரி அளவில், தினமும் ஒரே நேரத்தில் எடுக்கச் செய்து இரண்டு வாரம் நிலைப்படுத்துங்கள்.

மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தால் அதற்கான சிகிச்சை குறைப்புக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் பதற்றத்தைச் சற்றுக் கூட்டவும் செய்யும். அந்த நாட்களில் மாத்திரையைக் குறைத்தால் எது எதனால் வந்தது என்று உங்களுக்கே புரியாது. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான். சோல்பிடெம், சோபிகுளோன் போன்றவை மாற்று ஆகாது. அவையும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கின்றன.

குறைப்பு நடக்கும் மாதங்களில் மற்ற மருந்துகளையும் கவனியுங்கள். டிரமடால், பியூப்ரோபியான் இரண்டும் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்துகின்றன. கார்பமசெபைன் அல்பிரசோலத்தின் இரத்த அளவைக் குறைக்கும். நீங்கள் குறைக்காமலேயே விலகல் தொடங்கிவிடும். கிளாரித்ரோமைசின் எதிர்த்திசையில் அளவை ஏற்றும். ஒரு வாரம் அதைக் கொடுத்து நிறுத்தினால் நோயாளி அந்தச் சரிவை உணர்வார். விலகல் சிக்கலுக்கு ஃபுளூமசெனில் கொடுக்கவே கூடாது; அது வலிப்பைத் தூண்டும்.

எவ்வளவு, எவ்வளவு இடைவெளியில்

முதல் குறைப்பு அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம். இடைவெளி 2 முதல் 4 வாரம். பொதுவாக இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். அடுத்த படியை மட்டும் உறுதியாக எழுதுங்கள், அதற்குப் பிறகு வருவதைப் பென்சிலில் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டால் நோயாளி அந்தத் தேதியைப் பார்த்தே பதறுவார்.

மருந்தை மாற்றுவதா, இருப்பதையே குறைப்பதா? அல்பிரசோலம், லோரசெபாம் போன்ற குறுகிய கால மருந்துகளில் ஒரு டோஸுக்கும் அடுத்த டோஸுக்கும் நடுவிலேயே விலகல் தலைகாட்டலாம். டயசெபாமின் அரைவாழ்வு நீளமானது, அதன் செயல்படும் வளர்சிதைப் பொருளுடையது அதைவிட நீளமானது. அளவு மெதுவாக இறங்குகிறது, 2 மி.கி. மாத்திரையும் திரவ வடிவமும் இருப்பதால் சிறு படிகளும் எளிது. ஆனால் முதியவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் இதே நீளம் ஆபத்து. மருந்து தேங்கித் தள்ளாட்டம், விழுதல், இடுப்பு எலும்பு முறிவு என்று முடியும். அவர்களுக்கு இருக்கும் மருந்தையே சிறு படிகளில் குறைப்பது நல்லது. மாற்றியே தீர வேண்டுமென்றால், செயல்படும் வளர்சிதைப் பொருள் இல்லாத லோரசெபாமை யோசிக்கலாம்.

சமஅளவுகள் தோராயமானவை: டயசெபாம் 10 மி.கி.க்கு அல்பிரசோலம் 0.5, குளோனசெபாம் 0.5, லோரசெபாம் 1, குளோர்டயசெபாக்சைடு 25, நைட்ரசெபாம் 10 மி.கி. ஒருவருக்கு ஒருவர் இது மாறும். மாற்றிய முதல் சில நாட்கள் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிக மயக்கம் தெரிந்தால் சமஅளவைப் பிடித்துத் தொங்காமல் டயசெபாமைக் குறையுங்கள்.

ஒரு நோயாளியின் அட்டவணை

58 வயது ஆசிரியை. எட்டு ஆண்டுகளாக அல்பிரசோலம் காலை 0.25, இரவு 0.5 மி.கி. எடுக்கிறார். கல்லீரல் நலமாக இருக்கிறது, மதுப் பழக்கம் இல்லை, வலிப்பு வந்ததில்லை. பதற்ற நோய்க்கு எசிட்டலோபிராம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. மொத்த அளவு டயசெபாம் 15 மி.கி.க்குச் சமம்.

முதல் வாரம்: இரவில் அல்பிரசோலம் 0.25 + டயசெபாம் 5, காலையில் மாற்றமில்லை.
2-ஆம் வாரம்: இரவு டயசெபாம் 10, காலையில் அல்பிரசோலம் 0.25.
3-ஆம் வாரம்: காலை டயசெபாம் 5, இரவு டயசெபாம் 10.
4, 5-ஆம் வாரங்கள்: அப்படியே. இரத்த அளவு சமநிலைக்கு வர இவ்வளவு நாள் தேவை.
6-ஆம் வாரம் முதல்: இரண்டு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் காலை டோஸில் குறைத்தல் (4, 3, 2, 1, 0). 14-ஆம் வாரத்தில் இரவு 10 மட்டும் மிஞ்சும்.
16-ஆம் வாரம் முதல்: இரவு 9, 8, 7, 6, 5, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 24-ஆம் வாரத்தில் 5.
26-ஆம் வாரம் முதல்: இரண்டு வாரத்துக்கு 0.5 மி.கி. வீதம். 40-ஆம் வாரத்தில் 1 மி.கி.
43-ஆம் வாரம்: 0.5 மி.கி. 46-ஆம் வாரம்: நிறுத்தம்.

அரை மில்லிகிராம் என்பது 2 மி.கி. மாத்திரையின் கால் பங்கு. 5 மி.லி.யில் 2 மி.கி. உள்ள திரவமானால் 1.25 மி.லி., ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்கலாம். நீட்டித்த வெளியீட்டு மாத்திரைகளை மட்டும் உடைக்கக் கூடாது.

கீழே இறங்க இறங்க ஒரு மில்லிகிராம் பெரிய விகிதமாகிறது. 15-லிருந்து 14-க்கு 7 சதவீதம்கூட ஆகவில்லை. 6-லிருந்து 5-க்கு அது 17 சதவீதம். "முக்கால்வாசி முடிந்துவிட்டதே, இனி வேகமாகப் போகலாம்" என்ற ஆசை மருத்துவருக்கும் வரும், நோயாளிக்கும் வரும். பெரும்பாலான சறுக்கல்கள் அங்கேதான் நடக்கின்றன. கடைசி 2 மி.கி.யில் படிகள் 25 சதவீத வரம்பைத் தொட்டுத் தாண்டும். அதனால் அங்கே இடைவெளியை 3, 4 வாரமாக நீட்டத் தயங்காதீர்கள். திரவம் இருந்தால் 0.25 மி.கி. படிகளும் போடலாம்.

இதே ஆசிரியைக்கு 74 வயது என்றால் டயசெபாமுக்கு மாற்றாமல், அல்பிரசோலம் 0.25 மாத்திரையின் கால் பங்கை, அதாவது 0.0625 மி.கி.யை, ஒரு படியாக வைத்து 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை இறங்கலாம். முதல் படி சுமார் 8 சதவீதம்.

ஒவ்வொரு சந்திப்பிலும்

ஒவ்வொரு படிக்கும் முன்பு நேரிலோ தொலைபேசியிலோ பேசுங்கள். தூக்கம், பதற்றம், நடுக்கம், ஒளியும் ஒலியும் கூசுவது, தசைத் துடிப்பு, மனநிலை ஆகியவற்றோடு தற்கொலை எண்ணத்தையும் நேரடியாகக் கேளுங்கள். குறைத்த சில நாட்களில் எழுந்து, அதுவரை இல்லாத கூச்சம், துடிப்பு போன்றவற்றோடு வந்து, இரண்டு மூன்று வாரத்தில் தணிந்தால் அது விலகல். பழைய நோயின் அதே முகத்தோடு மெல்ல வந்து, வாரம் போகப் போக ஏறினால் நோய் திரும்புகிறது என்று பாருங்கள். முதலாவதற்குக் காத்திருப்பும், இரண்டாவதற்கு நோய்க்கான சிகிச்சையும் தேவை.

தாங்க முடியவில்லை என்றால் அதே அளவில் நில்லுங்கள், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. கடுமையாக இருந்தால் கடைசியாகத் தாங்கிய அளவுக்கு ஒரு படி ஏறி, அங்கிருந்து பாதி அளவுப் படிகளில் இறங்குங்கள். "கஷ்டமான நாளில் கூடுதலாக ஒன்று" என்ற சலுகை மட்டும் வேண்டாம். அது உடலை மறுபடி மறுபடி விலகலுக்குள் தள்ளும். வலிப்பு, பிரமை, குழப்பம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு.

மருந்தை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்ற தாளை நோயாளி கையிலும் வீட்டில் ஒருவரிடமும் கொடுங்கள். உங்கள் விடுப்பு நாளில் இருப்பு தீர்ந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் "இதெல்லாம் எதற்கு, நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடும். பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே திட்டத்தை எழுதிவையுங்கள்.

முதல் பேச்சு

ஆசிரியை கேட்கக்கூடியது: "டாக்டர், திடீர்னு மாத்திரைய நிறுத்திட மாட்டீங்களே?"

"இல்லம்மா. எவ்வளவு குறைக்கலாம்னு நான் சொல்றேன், எப்போ குறைக்கலாம்னு நீங்க சொல்லுங்க. முடியலைன்னா அங்கேயே நிப்போம்."

"எட்டு வருஷமா இதுலதான் தூங்கறேன்."

"தூக்கம் கொஞ்ச நாள் கெடும், அது உண்மை. முதல் குறைப்பு விடுமுறை நேரத்துல வெச்சுக்கலாமா?"

இந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள். 2014-ல் வெளியான கனடாவின் எம்பவர் ஆய்வில், முதியவர்களுக்கு மருந்தின் அபாயங்களையும் ஒரு குறைப்பு அட்டவணையையும் சொல்லும் சிறு கையேடு அனுப்பப்பட்டது. ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மருந்தை நிறுத்தினார்கள். கையேடு பெறாதவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம். முழுவதும் நிறுத்த முடியாதவர் பாதி அளவில் நின்றாலும் விழும் அபாயமும் பகல் மந்தமும் குறையும். அதைத் தோல்வி என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள்.